ஐந்து நிமிடத்தில் சொல்ல வேண்டியது: மாணவர்களின் முதல் இரண்டாயிரம் ரூபா

எமது பகுதியிலுள்ள உயர்கல்வி நிறுவனமொன்றின் மாணவர் வழிகாட்டல் நிகழ்வில் பேச வருமாறு அண்மையில் அழைத்திருந்தார்கள். தலைப்பு, மாதாந்தம் ஒரு சிறு தொகையை முதலீடு செய்ய ஆரம்பிப்பது எப்படி என்பதாகும். தரப்பட்ட நேரம் ஐந்து நிமிடங்கள் மட்டுமே. எழுதி வைத்துக்கொள்ளாமல் மேடையேறினால் ஐந்து நிமிடம் இருபது நிமிடமாகிவிடும் என்பது நாமெல்லோரும் அறிந்த விடயம். நிதானமாகப் பேசினால் ஒரு நிமிடத்திற்கு நூறு சொற்கள் அளவில்தான் சொல்ல முடியும். ஆகவே ஐந்து பகுதிகளாகப் பிரித்து, ஒரு நிமிடத்திற்கு ஒரு விடயம் என்ற அடிப்படையில் அந்த உரையை எழுதினேன்.

அதனை இங்கே அப்படியே தருகிறேன். ஒவ்வொரு பகுதியின் கீழும், ஏன் அவ்வாறு எழுதினேன் என்பதையும் மாணவர்களிடம் சொல்ல நேரமில்லாத கணக்குகளையும் சேர்த்திருக்கிறேன். இப்பத்தியை வாசிக்கும் வர்த்தகர்களில் பலர் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களிலும் பள்ளிவாசல் நிர்வாகங்களிலும் இருக்கிறீர்கள். உங்களையும் இவ்வாறு பேச அழைப்பார்கள். தேவையானவர்கள் தாராளமாக எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

முதலாவது நிமிடம்: வேறாக்குதல்

"அஸ்ஸலாமு அலைக்கும். அன்பின் தம்பிமாரே, தங்கைமாரே! பணக்காரர் ஆவது எப்படி என்று சொல்ல நான் வரவில்லை. மாதம் இரண்டாயிரம் ரூபாவை என்ன செய்யலாம் என்று மட்டும் சொல்லப்போகிறேன். உங்களில் சிலர் பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுக்கிறீர்கள். சிலர் வார இறுதியில் வாப்பாவின் கடையில் நிற்கிறீர்கள். சிலருக்கு மஹாபொல கிடைக்கிறது. எந்த வழியில் வந்தாலும் சரி, காசு கைக்கு வந்த அன்றே, செலவைத் தொடங்குவதற்கு முன்னர் இரண்டாயிரத்தை வேறாக்குங்கள். மாத முடிவில் மிஞ்சுவதைச் சேமிப்போம் என்று நினைத்தால் மிஞ்சுவதற்கு ஒன்றும் இருக்காது. இரண்டாயிரம் முடியாதென்றால் ஆயிரம். ஆயிரமும் முடியாதென்றால் ஐந்நூறு. ஆனால் ஒரு மாதமும் தவறக் கூடாது. ஏன் தவறக் கூடாது என்பதை அடுத்த நிமிடத்தில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்."

இந்தப் பகுதியில் வருமான வழிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது. மாணவனுடைய வருமானம் சம்பளக்காரருடைய வருமானத்தைப் போன்றதல்ல. டியூஷன் காசு பரீட்சை மாதத்தில் கூடும், விடுமுறையில் நின்றுவிடும். மஹாபொல உதவிப்பணம் சில வேளைகளில் தாமதமாகி இரண்டு மூன்று மாதத்திற்குச் சேர்ந்து வரும். எனவே வங்கிக்கு நிலையான கட்டளை கொடுத்து மாதாமாதம் 5ஆந் திகதி வெட்டிக்கொள்ளச் சொல்வது இவர்களுக்கு எப்போதும் பொருந்தாது. கணக்கில் காசு இல்லாத மாதத்தில் அந்தக் கட்டளை நிறைவேறாமல் போகும். திகதியைக் குறித்து வைப்பதை விட "காசு வந்த அன்று" என்பதே இவர்களுக்குச் சரியான விதி. மூன்று மாதக் காசு ஒன்றாக வந்தால் மூன்று மாதத்திற்குரிய ஆறாயிரத்தையும் அன்றே வேறாக்க வேண்டும்.

எமது வீடுகளில் பெண்கள் சீட்டுப் போடுவது எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள். மீன் வாங்கக் காசில்லாவிட்டாலும் சீட்டுக் காசு போய்விடும். ஏனென்றால் கேட்டு வருவதற்கு ஒருவர் இருக்கிறார். சீட்டின் பலம் அதுதான். அதன் குறை, சீட்டு விழுந்த அன்றே அந்தக் காசுக்கு ஒரு செலவு காத்துக்கொண்டிருப்பதாகும். போட்ட தொகையைத் தவிர வேறெதுவும் அதில் வளர்வதுமில்லை. சீட்டின் ஒழுங்கை எடுத்துக்கொண்டு அதன் முடிவை மட்டும் மாற்ற வேண்டும் என்பதே நாம் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியது.

இரண்டாவது நிமிடம்: கரும்பலகையில் ஒரேயொரு கணக்கு

"மாதம் இரண்டாயிரம் போட்டால் ஒரு வருடத்தில் 24,000 ரூபா. இதற்கு வருடத்திற்கு நூற்றுக்கு ஐந்து இலாபம் கிடைத்தால் எவ்வளவு? 1,200 என்று நினைப்பீர்கள். இல்லை, 650 ரூபாதான். ஏனென்றால் முதல் மாதக் காசு பன்னிரண்டு மாதமும் வேலை செய்கிறது. கடைசி மாதக் காசு ஒரு மாதம்தான் வேலை செய்கிறது. சரி, நூற்றுக்குப் பத்துக் கிடைத்தால்? 1,300 ரூபா. ஆகவே இலாபம் இரட்டிப்பானால் உங்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பது 650 ரூபா. ஒரு மாதம் போடாமல் விட்டால் நீங்கள் இழப்பது 2,000 ரூபா. முதல் வருடத்தில் எது முக்கியம் என்று இப்போது விளங்கும். எங்கே கூடத் தருகிறார்கள் என்று தேடி அலையாதீர்கள். ஒரு மாதமும் தவறாமல் போடுங்கள். அது போதும்."

முழு உரையிலும் இதுவே மையமான பகுதி. கணக்கைச் சரிபார்க்க விரும்புவோருக்காக விளக்குகிறேன். ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் 2,000 ரூபா போடப்படுகிறது. முதல் தொகை 12 மாதமும், அடுத்தது 11 மாதமும், இப்படியே கடைசித் தொகை ஒரு மாதமும் இருக்கிறது. பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை கூட்டினால் 78. அதாவது 2,000 ரூபா 78 மாதங்கள் இருந்ததற்குச் சமம். அதனை வருடக் கணக்குக்கு மாற்றினால், 13,000 ரூபா ஒரு முழு வருடம் இருந்ததற்குச் சமமாகும். 13,000இல் நூற்றுக்கு 5 என்பது 650. நூற்றுக்கு 10 என்பது 1,300.

இதில் இன்னொரு விடயமும் மறைந்திருக்கிறது. மாதம் 2,000இற்குப் பதிலாக 2,100 போட்டால் வருட முடிவில் 1,200 ரூபா கூடுதலாக இருக்கும். நூறு ரூபா என்பது இன்று பெரிய காசல்ல. அந்த நூறு ரூபா, இரட்டிப்பு இலாபத்தை விட ஏறத்தாழ இரண்டு மடங்கு வேலை செய்கிறது. சிறு தொகையுடன் ஆரம்பிப்பவனுக்கு முதற் சில வருடங்களில் வீதம் பெரிய விடயமே அல்ல.

இதனை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இளைஞர்களை ஏமாற்றும் அத்தனை பேரும் பிடிப்பது இந்த வீதம் என்ற தூண்டிலைத்தான். வீதத்தின் மீதுள்ள ஆசையை முதலில் கணக்கால் தணித்துவிட்டால், பின்னர் செய்யும் எச்சரிக்கை இலகுவில் ஏறும்.

மூன்றாவது நிமிடம்: எங்கே போடுவது

"முதல் வருடக் காசை ஒரு முழாரபா சேமிப்புக் கணக்கில் போடுங்கள். செலவுக்கு வைத்திருக்கும் கணக்கு வேறாகவும் இது வேறாகவும் இருக்கட்டும். இந்தக் கணக்கிற்கு ஏ.டி.எம். அட்டை எடுக்காமல் விட்டால் இன்னும் நல்லது. முழாரபா என்றால், காசு உங்களுடையது, வியாபாரம் வங்கியுடையது, கிடைக்கும் இலாபத்தை முன்கூட்டியே பேசிய விகிதத்தில் பகிர்ந்துகொள்வது. விகிதம்தான் நிச்சயம், தொகை நிச்சயமில்லை. வட்டிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். கணக்குத் திறக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இலாபம் என்ன விகிதத்தில் பகிரப்படுகிறது? கடந்த ஆறு மாதங்களில் உண்மையில் கொடுத்த இலாபம் எவ்வளவு? உங்கள் ஷரீஆ ஆலோசனைச் சபையில் இருப்பவர்கள் யார்? இவற்றிற்கு எழுத்தில் பதில் தர முடியாதவரிடம் உங்கள் காசைக் கொடுக்காதீர்கள்."

எமது இளமைக் காலத்தில் இந்த வசதி இருக்கவில்லை. வட்டியை விட்டு ஒதுங்க விரும்பியவர் காசை வீட்டு அலுமாரியில் வைத்தார், அல்லது நம்பிக்கையான ஒரு கடை முதலாளியிடம் கொடுத்து வைத்தார். 2005ஆம் ஆண்டில் வங்கிச் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே இஸ்லாமிய முறையிலான கணக்குகளை எமது நாட்டு வங்கிகள் நடத்த வழி பிறந்தது. 2011 ஓகஸ்டில் அமானா வங்கி முழுமையாக இஸ்லாமிய முறையில் இயங்கும் முதலாவது வர்த்தக வங்கியாக ஆரம்பிக்கப்பட்டது. ஏனைய சில வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் இதற்கெனத் தனிப் பிரிவுகளை நடத்துகின்றன. ஆகவே இன்றைய மாணவனுக்கு "வட்டி என்பதால் ஒன்றும் செய்ய முடியவில்லை" என்று சொல்ல இடமில்லை.

முழாரபாவின் மறுபக்கத்தையும் வர்த்தகர்களாகிய நாம் அறிந்திருக்கிறோம். இலாபத்தில் பங்கு உண்டென்றால், முழாரபா நடத்துபவரின் கவனயீனமோ மோசடியோ இல்லாமல் நட்டம் வந்தால் அதனைத் தாங்குபவர் முதல் கொடுத்தவரே. வங்கிகள் பலவிதமான வியாபாரங்களில் காசைப் பிரித்து வைப்பதால் சேமிப்புக் கணக்கில் இப்படி நடப்பது அரிது. இருந்தாலும் ஒப்பந்தம் அதுதான் என்பதை மாணவன் தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் "நட்டமே வராது, மாதம் இவ்வளவு நிச்சயம்" என்று இஸ்லாமியப் பெயரில் ஒருவர் வந்து சொல்லும்போது, இது முழாரபா அல்லவே என்று அவன் உடனே கண்டுகொள்வான்.

நான்காவது நிமிடம்: இரண்டாவது வருடம்

"ஒரு வருடம் முடிந்து 24,000 சேர்ந்தால் அதனைத் தொடாதீர்கள். அது உங்கள் மடிக்கணினி பழுதானால், வீட்டில் ஒருவர் சுகமில்லாமல் போனால் உதவும் காசு. இரண்டாவது வருடத்திலிருந்து மாத இரண்டாயிரத்தில் ஆயிரத்தை ஷரீஆ முறையிலான யூனிட் ட்ரஸ்ட் ஒன்றில் போடலாம். அதாவது, பலருடைய காசைச் சேர்த்து ஹலாலான கம்பனிகளின் பங்குகளை வாங்கும் ஒரு நிதியம். அதன் விலை ஏறும், இறங்கும். இறங்கும் மாதத்தில் பயந்து விற்காதீர்கள். அந்த மாதத்தில் அதே காசுக்குக் கூடுதல் அலகுகள் கிடைக்கும். ஐந்து வருடத்திற்குத் தேவைப்படாத காசை மட்டும் அங்கே போடுங்கள். அடுத்த வருடப் பரீட்சைக் கட்டணத்தை அங்கே போடாதீர்கள்."

இந்த நிமிடத்தில் இரண்டு கேள்விகள் எழும். வங்கிக் கணக்கு இருக்கும்போது விலை இறங்கக்கூடிய ஒன்றிற்கு ஏன் போக வேண்டும் என்பது முதலாவது. இதற்கு 2022ஆம் ஆண்டை நினைவுபடுத்தினால் போதும். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. முந்திய வருடம் 1,000 ரூபாவுக்கு வாங்கிய சாமான்களுக்கு ஏறத்தாழ 1,700 ரூபா தேவைப்பட்டது. எந்தச் சேமிப்புக் கணக்கும் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. கடையில் சரக்கு வைத்திருந்தவரின் சரக்கு விலை ஏறியது, காசாக வைத்திருந்தவரின் காசு கரைந்தது. நீண்ட காலத்தில் விலைவாசியுடன் சேர்ந்து நகரக்கூடியது வியாபாரம்தான். கடை இல்லாத மாணவனுக்கு வியாபாரத்தில் சிறு பங்கு கிடைக்கும் வழி இந்த நிதியங்கள்.

ஆனால் அது ஒழுங்காக ஏறிக்கொண்டே போகும் என்று யாரும் எண்ணக் கூடாது. கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2021 இறுதியில் 12,226 ஆக இருந்தது. 2022 இறுதியில் 8,489 ஆக வீழ்ந்தது. 2023 இறுதியில் 10,654 ஆகவும் 2024 இறுதியில் 15,944 ஆகவும் உயர்ந்தது. இது வங்கிகள் உட்பட முழுச் சந்தைக்குமான சுட்டெண். ஷரீஆ நிதியங்கள் இதிலிருந்து வேறுபடும். ஆயினும் ஏற்ற இறக்கம் எந்த அளவில் இருக்கும் என்பதற்கு இது நல்ல அளவுகோல். சாமான் விலை உச்சத்திலிருந்த அதே வருடத்தில்தான் பங்கு விலையும் வீழ்ந்தது என்பதைக் கவனியுங்கள். அந்த வருடம் மடிக்கணினி பழுதாகி, வேறு காசும் இல்லாதிருந்தால், அவன் இறங்கிய விலைக்கு விற்றிருப்பான். முதல் 24,000 ஏன் வங்கியிலேயே இருக்க வேண்டும் என்பதற்கு விடை இதுதான்.

இரண்டாவது கேள்வி, விலை இறங்கும்போது வாங்குவதால் என்ன நன்மை என்பது. விளங்குவதற்காக ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு மாணவன் மூன்று முறை 2,000 ரூபா வீதம் போடுகிறான். முதன்முறை அலகு ஒன்றின் விலை 20 ரூபா, அவனுக்கு 100 அலகுகள். இரண்டாம் முறை விலை 10 ரூபாவாக வீழ்ந்துவிட்டது, அவனுக்கு 200 அலகுகள். மூன்றாம் முறை விலை 16 ரூபா, 125 அலகுகள். போட்ட காசு 6,000. கையிலுள்ள அலகுகள் 425. இன்றைய 16 ரூபா விலைப்படி அவற்றின் பெறுமதி 6,800 ரூபா. ஆரம்ப விலையான 20 ரூபாவுக்கு இன்னும் வரவில்லை, ஆனாலும் அவன் 800 ரூபா இலாபத்தில் இருக்கிறான். சீசன் இல்லாத நேரத்தில் சரக்கைக் குறைந்த விலைக்கு எடுத்து வைக்கும் வியாபாரிக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் நடுவில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். விலை 10 ரூபாவாக இருந்த அன்று அவன் போட்டிருந்தது 4,000, பெறுமதி 3,000. ஆயிரம் ரூபா நட்டம். பெரும்பாலானோர் விட்டு ஓடுவது அந்த இடத்தில்தான். அத்துடன், விலை மீண்டு வந்ததால் மட்டுமே இக்கணக்கு சரிவந்தது. ஒரேயொரு கம்பனியின் பங்கை இப்படி வாங்கிக்கொண்டே போனால், அந்தக் கம்பனி மூடப்பட்டால் 425 அலகுகளும் கடதாசிதான். பல கம்பனிகளில் பரந்திருக்கும் நிதியத்திற்கே இந்த முறை பொருந்தும்.

செலவையும் பார்க்க வேண்டும். யூனிட் ட்ரஸ்ட்களில் வருடாந்த முகாமைத்துவக் கட்டணம் உண்டு. சில நிதியங்களில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையில் வித்தியாசமும் உண்டு. உதாரணமாக, நாம் வாங்குவது 20 ரூபாவுக்கும் திருப்பிக் கொடுப்பது 19.50இற்கும் என்றால், இன்று வாங்கி நாளை கொடுத்தாலே நூற்றுக்கு இரண்டரை போய்விடும். குறுகிய காலக் காசை அங்கே போடக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். இந்நிதியங்களை நடத்தும் கம்பனிகள் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் அனுமதி பெற்றிருக்க வேண்டும். காசு கொடுக்குமுன் அதனைக் கேட்டுப் பார்ப்பது கட்டாயம்.

ஐந்தாவது நிமிடம்: ஆசை காட்டுபவர்கள்

"கடைசியாக ஒன்று. உங்கள் போனுக்கு ஒரு செய்தி வரும். ஒரு இலட்சம் போட்டால் மாதம் எட்டாயிரம் என்று சொல்வார்கள். உங்கள் நண்பனே சொல்வான். எனக்கு ஆறு மாதமாக ஒழுங்காக வருகிறது என்று வங்கிச் செய்தியையும் காட்டுவான். அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். எட்டாயிரம் பன்னிரண்டு மாதத்திற்கு 96,000. அதாவது ஒரு வியாபாரமும் செய்யாமல், நீங்கள் கொடுத்த இலட்சத்திலிருந்தே ஒரு வருடம் உங்களுக்குத் தர முடியும். அப்போதும் அவர்கள் கையில் 4,000 மிஞ்சும். ஆகவே ஒழுங்காக வருகிறது என்பது சான்று அல்ல. மத்திய வங்கியின் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் யார் சொன்னாலும் விட்டுவிடுங்கள். இந்த மாதமே ஆரம்பியுங்கள். வஸ்ஸலாம்."

எமது சமூகத்தில் முதலீட்டின் பெயரால் நடந்த ஏமாற்றுகளில் பெரும்பாலானவை உறவினர், நண்பர், ஊரார் என்ற நம்பிக்கையின் வழியாகவே வந்தன. கொண்டு வருபவரும் பல வேளைகளில் ஏமாற்றப்பட்டவர்தான். ஆகவே "ஆளைப் பார்த்துக் கொடு" என்ற எமது பழைய அறிவுரை இங்கே உதவாது. ஆள் நல்லவர், திட்டம் கெட்டது. பார்க்க வேண்டியது அனுமதியையும் கணக்கையும்.

பெரிய பெயரும் சான்று அல்ல. 2008 டிசம்பரில் கோல்டன் கீ கிரெடிட் கார்ட் கம்பனி சரிந்தபோது ஏறத்தாழ 9,000 பேருடைய 2,600 கோடி ரூபா அதில் சிக்கியது. பெயர் பெற்ற ஒரு குழுமத்தைச் சேர்ந்த கம்பனி அது. ஆனால் பொதுமக்களிடம் வைப்புப் பெற மத்திய வங்கியின் அனுமதி அதற்கு இருக்கவில்லை. அனுமதி பெற்ற வங்கிகளினதும் நிதிக் கம்பனிகளினதும் பட்டியலை மத்திய வங்கி தனது இணையத்தளத்தில் வெளியிடுகிறது. ஆட்களைச் சேர்த்துச் சம்பாதிக்கும் பிரமிட் திட்டங்கள் வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின் கீழ் தடை செய்யப்பட்டவை. அவற்றை நடத்துவது மட்டுமன்றி, அதற்கு ஆள் சேர்ப்பதும் குற்றமாகும். தனது வகுப்பு நண்பர்களைச் சேர்த்துவிட்ட மாணவன் காசை இழப்பதுடன் நிற்பதில்லை, சட்டத்தின் முன்னும் நிற்க நேரிடலாம்.

வர்த்தகர்களிடம் நான் கேட்பது ஒரேயொரு கேள்வி. வாடகை, சம்பளம், மின்சாரம், கழிவு எல்லாம் போக, எமது கடைகளில் மாதம் நூற்றுக்கு எட்டு நிகர இலாபம் எத்தனை பேருக்கு நிற்கிறது? நிற்கும் ஒருவர் இருந்தால், அவர் ஏன் ஒரு மாணவனின் பத்தாயிரத்தைத் தேடி வர வேண்டும்? இந்தக் கேள்வியை வீட்டில் சாப்பாட்டு மேசையில் பிள்ளைகளிடம் கேளுங்கள். எமது தொழிலின் கணக்கு எமது பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருப்பதால்தான் மற்றவனின் கணக்கு அவர்களுக்கு உண்மையாகத் தெரிகிறது.

உரையில் சேர்க்காத கணக்கு

பத்து வருடக் கணக்கை நான் வேண்டுமென்றே உரையில் சேர்க்கவில்லை. பெரிய தொகையைச் சொன்னால் மாணவர்களின் மனதில் அது மட்டுமே நிற்கும். பெற்றோர் தெரிந்துகொள்வதற்காக இங்கே தருகிறேன். மாதம் 2,000 வீதம் பத்து வருடம் போட்டால் போட்ட காசு 240,000. இலாபத்தை எடுக்காமல் விட்டு, ஒவ்வொரு வருடமும் நூற்றுக்கு 5 கிடைத்தால் ஏறத்தாழ 310,000 ஆகும். நூற்றுக்கு 10 கிடைத்தால் ஏறத்தாழ 403,000 ஆகும். இந்த இரண்டாவது கணக்கில் எட்டாவது வருடத்தில்தான், அந்த வருடத்து இலாபம் அந்த வருடம் போட்ட 24,000ஐத் தாண்டுகிறது. அதுவரை ஏணியில் ஏற்றிவிடுவது நமது காசுதான், இலாபமல்ல. வீதத்தைப் பற்றிக் கவனமாக யோசிக்க வேண்டிய காலம் பின்னர் வரும். அப்போது அவனுக்கு அனுபவமும் இருக்கும். தொகை நிஸாபை அடைந்து ஒரு வருடம் பூர்த்தியானால் ஸகாத் கொடுக்க வேண்டும் என்பதையும் அப்போது சொல்லிக்கொடுங்கள். ஒவ்வொரு வருடமும் வீதம் ஒரேயளவாக வராது என்பதால் இவை ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே.

இறுதியாக வாப்பாமாருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை சேர்த்த காசு முப்பதாயிரம், நாற்பதாயிரம் ஆகும்போது எமது கண்ணிலும் படும். செக் ஒன்று பாஸாக வேண்டிய நாளில், "அடுத்த கிழமை போட்டுவிடுகிறேன்" என்று கேட்கத் தோன்றும். பிள்ளையும் மறுக்காது. அந்தக் காசு பெரும்பாலும் திரும்பிப் போகாது, போனாலும் பிள்ளையின் மாதாந்த ஒழுங்கு அத்துடன் முறிந்துவிடும். கடைக்குத் தேவையென்றால் வேறு எங்காவது கடன் கேளுங்கள். பிள்ளையிடமே எடுத்தால், வெளியாளிடம் எடுத்த கைமாற்றைப் போலத் திகதி எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுங்கள். கடனை எழுதிக்கொள்ளுமாறு எமது மார்க்கம் சொல்வது வெளியாருக்கு மட்டுமல்ல.